மாட்டுக்காரருக்குப் போன கழுநீர்

“இன்னா கண்ணு, காத்துக்கெல்லாம் எவன் துட்டு குடுப்பான்?”

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்சந்தில் மெஸ் நடத்தும் அக்கா, சாம்பார்க் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். சாப்பாட்டுக் கழிவிலிருந்து சமையல் எரிவாயு எடுக்கும் கலன்களைப் பொருத்தும் சிறிய நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் கணக்கை யாராவது சந்தேகப்பட்டால் எனக்குத் தாங்காது.

மடிக்கணினியைத் திறந்து விளக்கினேன். கழிவு குப்பைமேட்டில் அழுகினால், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்பும். அதைத் தடுத்தால் கார்பன் கிரெடிட் கிடைக்கும்; புகை விடும் பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் சான்று அது. பல மெஸ்களின் கலன்களைச் சேர்த்து ஒரே திட்டமாகப் பதிவுசெய்வோம். வெளித் தணிக்கையாளர் சரிபார்த்த பிறகு விற்று, செலவு போக மீதியைப் பங்கிடுவோம். விலை இறங்கலாம், பணம் வர ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் சொன்னேன். ஆனால் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டேன். அட்டவணையில் அந்தப் பங்குத் தொகையை, சிலிண்டர் செலவில் மிச்சமாவதற்கு அடுத்த வரியிலேயே போட்டிருந்தேன். இரண்டையும் கூட்டினால்தான் கலனுக்கான கடன் தவணை கட்டுப்படியாகும்.

படிவத்தில் ஒரு கேள்வி: இதுவரை கழிவு எங்கே போனது?

“கழுநீரு, காய்த்தோலு, மீந்த சோறு எல்லாம் மாட்டுக்கார நைனா எடுத்துக்கினு பூடுவாரு. எச்சில் எலை மட்டும்தான் குப்பை வண்டில போவும்,” என்றார் அக்கா.

மாடு தின்றதைக் குப்பைமேட்டில் அழுகியதாகக் காட்ட முடியாது. அது எனக்குத் தெரியும். இருந்தும், ‘முழுவதும் குப்பைமேட்டுக்கு’ என்று நிரப்பினேன். அக்கா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினார்.

கலனிலிருந்து வந்த வாயுவில் அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. இரண்டு வருடம் கழித்து, தணிக்கை நெருங்கியபோது மெஸ்ஸுக்குப் போனேன். வாசலில் மாட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என் மாட்டு சோத்துல கை வச்ச பொண்ணு இதானா?”

“சும்மா இரு நைனா. கார்பன் துட்டு வரட்டும், உனக்கு ஒரு மூட்டை தவுடு,” என்று சிரித்த அக்கா, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “சீட்டு எடுத்துத்தான் தவணை கட்டிக்கினு கீறேன், கண்ணு. அது எப்போ வரும்?”

அவரை உள்ளே அழைத்துப்போய், படிவத்தில் பொய் எழுதியதைச் சொன்னேன். உண்மையை எழுதினால் பங்கில் பெரும்பகுதி போய்விடும், மீதியும் எப்போது வரும் என்று தெரியாது என்றேன்.

அவர் திட்டவில்லை. “மாட்டுக்கார நைனாவப் பத்தி நான் அன்னைக்கே சொன்னேனே,” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றே தணிக்கையாளருக்குத் திருத்தக் கடிதம் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மேலாளரிடம் சொன்னேன். வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை. நேற்றுக் காலை அக்காவுடன் வங்கிக்குப் போய், சிலிண்டர் மிச்சத்தை மட்டும் வருமானமாகக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி மனு கொடுத்துவிட்டு வந்தேன்.