நீல வானத்தை நம்பாதவர்

என் வீட்டுக்காரருக்குக் கூரை வேலை. பழைய ஓட்டைப் பிரித்து, ஓட்டைத் தாங்குகிற உளுத்த ரீப்பர் கட்டைகளை மாற்றி, மறுபடி ஓடு வேய்ந்து தருவார். முப்பத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆனால் அவர் வேலை செய்த நேரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தையும் தனித்தனியாகக் கூட்டினால், இரண்டாவதுதான் அதிகமாக வரும் என்று நான் சத்தியம் செய்வேன். காலை ஏழு மணிக்கு ஒரு தரம், பத்துக்கு ஒரு தரம், பன்னிரண்டரைக்கு ஒரு தரம் பார்த்தே ஆகவேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார்.

அவர் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான். போன் என்னிடம்தான் இருக்கிறது. "பளீர்னு வெயில் அடிக்குது, உங்க ஆளு ஏன் வரல?" என்று ஒருத்தர் கத்துவார். மறுநாள் வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். இவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். "இந்த மூட்டத்துல யாராவது ஓட்டைப் பிரிப்பாங்களா?" என்று அதே ஆள் மறுபடி கத்துவார். இப்படியே கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போய்விட்டது.

மேகத்துக்கு அவர் வைத்திருக்கிற பெயர்கள் மூன்று. உயரத்தில் மெல்லிசாக, வெள்ளையாக, சீப்பில் மாட்டிய நரைமுடி மாதிரி இழை இழையாக ஓடுவது 'முடி'. அடி தட்டையாகவும் மேலே பொம்மென்றும் தனித்தனியாக மிதப்பது 'மூட்டை'. கீழே தொங்கிக்கொண்டு, ஒரு விளிம்பும் இல்லாமல் வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடப்பது 'போர்வை'. என் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கீற்று, திரள், படை என்று வாய்விட்டுப் படிப்பாள். "அதெல்லாம் புத்தகத்துல எழுதி வெச்ச பேரு, மழை பேரப் பாத்தா வருது?" என்பார். பெரிய மேதை என்று நினைப்பு.

அந்த மகளுக்குத்தான் குழந்தை ஒரு மாதம் முன்னாடியே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போல இருந்தது. மூச்சுக்குத் திணறி, குழாயெல்லாம் வைத்து, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்தது. வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். கூடவே ஒன்று சொன்னார். குழந்தை இருக்கிற அறையில் ஈரம் ஆகாது, பூஞ்சை ஆகவே ஆகாது, நுரையீரல் இன்னும் தேறவில்லை என்றார்.

எங்கள் வீட்டில் மகளுக்கென்று இருக்கிற அறை பின்கட்டு ஒன்றுதான். மருமகன் வேலை வெளியூரில், அங்கே அவர் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார். அந்தப் பின்கட்டுக் கூரை மூன்று வருஷமாக ஒழுகுகிறது. மேல்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. ஊருக்கெல்லாம் கூரை போடுகிறவர் வீட்டில் ஒழுக்கு! நல்ல நாள் வந்தால் அது ஊரார் கூரைக்கு, மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்கு, அந்த மிச்சம் வந்ததே இல்லை. இந்தத் தடவை நான் விடவில்லை. சுவரைச் சுரண்டி மருந்தடித்து நான் தயார் செய்தேன். செவ்வாய்க்கிழமை கூரையைப் பிரித்து ஒரே நாளில் வேய்ந்துவிடுவதாக அவரும் என் தம்பியும் வாக்குக் கொடுத்தார்கள். தம்பிதான் அவருக்குக் கையாள்.

திங்கட்கிழமை வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருந்தது. அவர் பத்து மணிக்கு அண்ணாந்தார். ஒரு தையற்காரர் வீட்டு வேலை பாதியில் இருந்தது, அதை அவசர அவசரமாக மூடிவிட்டு வந்தார். மேற்கே முடி கிளம்பிவிட்டது, நுனி கொக்கி மாதிரி வளைந்து அடர்த்தியாகிக்கொண்டே வருகிறது, நாளைக்குச் சாயங்காலத்துக்குள் நல்ல மழை என்றார். சும்மா நாலு இழை அங்கங்கே நின்றால் அது அழகுக்கு, இது படை திரட்டிக்கொண்டு வருகிற முடியாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலையில் வெயில் அடித்தது. கொஞ்சம் பால் கலந்த வெயில், அவ்வளவுதான். துணி காயப்போட்டேன், காயத்தான் செய்தது. அவர் என்னை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு சுற்றிலும் பார்க்கச் சொன்னார். பெரிய வளையம் ஒன்று தெரிந்தது. முடியெல்லாம் சேர்ந்து மெல்லிய திரையாகிவிட்டதாம், மழை வாசலுக்கு வந்துவிட்டதாம். எனக்கு வளையமும் வேண்டாம், வளையலும் வேண்டாம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஊரான் வீடுன்னா ஓடிப்போய் மூடுறீங்க. பேத்தின்னா நாள் தள்ளுறீங்க. அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்ப மேகத்தைக் காட்டிப் பேசுங்க."

அவர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடித்தது. இரவு முழுக்க ஒரே சீராகக் கொட்டியது. பின்கட்டில் மூன்று பாத்திரம் வைத்தேன். அவர் சொன்னது பலித்துவிட்டது என்பதில் எனக்கு இன்னும் கோபம். சரியாகச் சொல்கிற மனுஷனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

புதன்கிழமை விடிகிறபோது மழை நின்றிருந்தது. ஆனால் வானம் கூரைமேல் உட்கார்ந்திருந்தது போல இருந்தது. எதிர்த்தெருத் தண்ணீர்த் தொட்டியின் தலையே தெரியவில்லை. பூந்தூறல் வேறு. அவரும் தம்பியும் ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இது போர்வை, இதுக்குள்ள சரக்கு இல்ல. தூறும், கொட்டாது. வெயில் ஏறினா பத்து மணிக்குள்ள கிழிஞ்சிரும்" என்றார். கழற்றிய ஓட்டைக் கீழே வாங்கி, பாசி தேய்த்துக் கொடுப்பது என் வேலை. சொன்னபடியே பத்து மணிக்குப் போர்வை கிழிந்து நீலம் எட்டிப் பார்த்தது. எரிச்சலாக இருந்தாலும் மனசுக்குள் நிம்மதி. ரீப்பர் அடித்தாயிற்று, கீழ்விளிம்பிலிருந்து வரிசை வரிசையாக ஓடு ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு என் பேத்தி காய்ந்த அறையில் படுப்பாள்.

பதினொன்றுக்கு மூட்டைகள் கிளம்பின. முதலில் சின்னச் சின்னதாக, உயரத்தைவிட அகலமாக, அப்பாவியாகத்தான் இருந்தன. அகலமாக இருக்கிறவரை பயமில்லை, நிமிர்ந்து எழுந்தால்தான் வம்பு என்று முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் காதில் ஓதியிருக்கிறார். இரவெல்லாம் நனைந்த தரையில் இப்போது வெயில் சுள்ளென்று விழுந்து, முற்றத்திலிருந்து ஆவி எழும்பியது. பன்னிரண்டரை ஆயிற்று. நான் ஓடு தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து தவறாத பன்னிரண்டரை தவறியது. நான் பார்த்தேன். தென்மேற்கில் ஒரு மூட்டை நிமிர்ந்து நின்றது. தலை காலிஃபிளவர் மாதிரி கொத்துக்கொத்தாக, கத்தியால் வெட்டின விளிம்போடு மேலே மேலே பொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் கரி பூசின மாதிரி கறுப்பு.

"ஏங்க, அங்க பாருங்க. எந்திரிச்சு நிக்குது."

"நாலு வரிதான். முடிச்சிடலாம். வெயில் நல்லாத்தானே இருக்கு" என்றார், தலையைத் தூக்காமலே. வெயில் நல்லாத்தானே இருக்காம்! ஊரார் சொல்லும்போதெல்லாம் அவர் தூக்கி எறிந்த அதே வார்த்தை. தம்பி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அடுத்த ஓட்டை எடுத்து நீட்டினான். அந்தக் கொத்துத் தலை கொஞ்ச நேரத்தில் மழுங்கி, உச்சியில் கொல்லன் பட்டறைக்கல் மாதிரி தட்டையாகப் பரவ ஆரம்பித்தது. அப்படிப் பரவினால் இடி நிச்சயம், கூரையில் ஒரு ஈ கூட இருக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தான்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஏறி, அவர் கையிலிருந்த ஓட்டைப் பிடுங்கி வைத்தேன். கத்தினேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்போது சில்லென்று ஒரு காற்று வந்து முகத்தில் அறைந்தது. தார்ப்பாயை உச்சிமேல் தூக்கிப் போட்டு, இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, மூன்று பேரும் இறங்கி உள்ளே ஓடினோம். கதவைச் சாத்துவதற்குள் மழை அறைந்தது. இடி வீட்டை உலுக்கியது.

திறந்திருந்த நாலு வரிசை இடத்தில் தார்ப்பாய் தண்ணீரைத் தாங்கித் தொப்பை போட்டது. கிழிந்தால் ஒரே நொடியில் அறை குளமாகிவிடும். துணி சுற்றிய கழியால் அதைக் கீழிருந்து மேலே தள்ளித் தள்ளித் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டே இருந்தோம். முப்பது நாற்பது நிமிஷத்தில் மழை ஓய்ந்தது. திரும்ப வெயில் வந்தது, வெட்கமில்லாமல்.

நான் நாலு சுவரையும் கையால் தடவிப் பார்த்தேன். புதிதாக எங்கும் நனையவில்லை. பிறகு அவரைக் கேட்டேன், ஏன் பார்க்கவில்லை என்று.

"பாத்தேன்" என்றார். "பதினொண்ணரைக்கே பாத்தேன். வளருதுன்னு தெரிஞ்சுது. அது அகலந்தான், அகலந்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வேற யார் வீடா இருந்தாலும் அப்பவே தார்ப்பாய் போட்டிருப்பேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அது செவ்வாய்க்கிழமை என் வாயிலிருந்து போனதுதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலையை முடித்தார்கள். வியாழக்கிழமை காலையில் மகள் வந்தாள். குழந்தையைத் துணியோடு துணியாகச் சுருட்டிக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். மேலே ஓட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள், பாவம்.

"அப்பா, இன்னைக்கு மழை வருமா?"

அவர் முற்றத்துக்குப் போனார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். திரும்பி வந்து வாசற்படியில் நின்றபடி, "எனக்குத் தெரியலம்மா. உங்கம்மாவப் பாக்கச் சொல்லு" என்றார்.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பாவி மனுஷன், இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது இந்த வார்த்தையைச் சொல்லமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன், இப்போது அதைக் கேட்க முடியவில்லை. வெளியே போய் அண்ணாந்தேன். நீல வானம். உயரத்தில் ஒரு இழைகூட இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன மூட்டைகள், எல்லாம் அகலம், எதற்கும் தலை இல்லை. பதினொன்றுக்குப் பார்த்தேன், பன்னிரண்டரைக்குப் பார்த்தேன், நிமிரவில்லை. உள்ளே வந்து குழந்தையின் பக்கத்தில் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"வராது" என்றேன். "நான் பாத்துட்டேன்."