ஹமீதுன்னிசா கடையிலிருந்து வந்த மெசேஜ்

ஓசூர் பஜாரில் பூண்டு, புளி, மிளகாய் மொத்த வியாபாரம் பார்த்த திம்மராயனுக்குச் சந்தேகம் கூடப்பிறந்த வியாதி. எடை போட்ட மூட்டையை மறுபடி எடை போடுவார். ஐந்நூறு ரூபாய் நோட்டை வெயிலில் பிடித்து மூன்று தரம் பார்ப்பார். சொந்த மாமனார் கொடுத்த நோட்டையே அப்படிப் பார்த்த மகராசன்! அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஜீவன் தம்பி கோவிந்தப்பன்தான். அப்பா போனபிறகு தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. வெள்ளிக்கிழமை தோறும் மொபெட்டில் கடைகடையாகப் போய் வசூல் செய்து வருவது அவன் வேலை.

2009-இல் ஒரு நாள் திம்மராயன் போனுக்கு மெசேஜ் வந்தது. அவருக்குத் தமிழும் தெலுங்கும் படிக்க வரும், இங்கிலீஷ் எழுத்து வராது. தம்பியிடம் நீட்டினார்.

"சிப்காட் பக்கம் மளிகைக் கடை வச்சிருக்குதே ஹமீதுன்னிசாம்மா, அதுதாண்ணா. மொத்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பியிருக்குது. இனிமே காசா குடுக்காதாம். வாரா வாரம் திங்கக்கிழமை பேங்க் மூலமா உங்க கணக்குக்கே அனுப்புமாம். எந்தெந்த பில்லுக்குன்னு நம்பரும் குறிச்சு அனுப்புமாம். உங்க அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி கோடு கேக்குது."

"அக்கவுண்ட் நம்பர் எதுக்குடா அதுக்கு?"

"அதாண்ணா எனக்கும் இடிக்குது. நம்பர் குடுத்தா உள்ள இருக்கறத உருவிட்டாங்கன்னா? வேண்டாம்னு சொல்லிடுங்க. ஏற்கெனவே ரெண்டு பில்லு பாக்கி. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இழுக்குது."

போதாதா! திம்மராயனுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. கடையைக் காலி பண்ணிக்கொண்டு பெங்களூர் பக்கம் ஓடப்போகிறாளோ? பத்து வருடத்து வாடிக்கை. விடவும் மனசில்லை, நம்பவும் மனசில்லை. காலையில் பேங்க் திறந்ததும் போய் நின்றார்.

கவுண்டரில் இருந்த சுப்ரியா சிரித்துவிட்டாள். "நம்பர் தெரிஞ்சா உங்க கணக்குல பணம் போடத்தான் முடியும் சார். எடுக்க முடியாது. செக் புக்க மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."

"பில் நம்பர் எல்லாம் பாஸ்புக்குல வருமாம்மா?"

"முழுசா வரும்னு சொல்ல முடியாது சார். அனுப்பினவங்க பேரும், ஒவ்வொரு தடவை பணம் வர்றதுக்கும் யூடிஆர்னு ஒரு தனி நம்பரும் வரும். அந்த நம்பரையும் பில் நம்பரையும் சேர்த்து உங்களுக்கு மெசேஜ் போடச் சொல்லுங்க, ஒத்துப் பாத்துக்கலாம். எங்க, அவங்க என்ன கேட்டிருக்காங்கன்னு காட்டுங்க."

போனை வாங்கி அவள் வாய்விட்டுப் படித்தாள். தம்பி படித்த அதே விஷயம்தான். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. "இதுவரைக்கும் வந்த பில் எல்லாம் கட்டியாச்சு, பாக்கி இல்லை. இனிமேல் யார் கையிலும் காசு தரமாட்டோம்."

"பாக்கி இல்லையா? அடி தேவுடா!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார் திம்மராயன். பதினோராயிரத்துச் சொச்சத்தை அப்படியே முழுங்கப் பார்க்கிறாளே! இந்த வரியைத் தம்பி ஏன் படிக்கவில்லை என்று ஆட்டோவில் ஒரு தரம் தோன்றியது. அவசரத்தில் விட்டிருப்பான் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

ஹமீதுன்னிசா கடையில் கூட்டம் இருந்தது. அது பற்றி அவருக்கென்ன?

"அறுநூத்திப் பதினாலு, அறுநூத்தி முப்பத்தொண்ணு. ரெண்டு பில்லும் எங்கம்மா கட்டுன?"

ஹமீதுன்னிசா ஆட்கள் நகரும்வரை காத்திருந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அவர் முன்னால் பிரித்து வைத்தாள். 614, ரொக்கம். 631, ரொக்கம். பக்கத்திலேயே கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே வால் இழுக்கும் கையெழுத்து. அந்தக் கையைப் பிடித்து அதை எழுதப் பழக்கியவர் திம்மராயன்தான்.

"போன மாசம் நீங்களே போன் பண்ணி பாக்கி கேட்டப்பத்தாண்ணா எனக்குப் புரிஞ்சுது. தம்பிய அண்ணன்கிட்ட எப்படிண்ணா காட்டிக்குடுக்கறது? எனக்கு வாய் வரல, பாக்கறேண்ணான்னு போன வச்சுட்டேன். அதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி மெசேஜ் போட்டேன்."

அவருக்கு அவமானத்தில் காது சுட்டது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு, இந்தப் பெண்ணையும் கள்ளி என்று நினைத்து, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்ட முட்டாள். அந்தச் சின்ன நோட்டின் பின்பக்கத்தில் அக்கவுண்ட் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

கடைக்குத் திரும்பியபோது கோவிந்தப்பன் வசூல் பையைத் துடைத்துக்கொண்டிருந்தான். திம்மராயன் கத்தவில்லை. போனை அவனிடம் நீட்டினார்.

"எல்லாக் கடைக்கும் மெசேஜ் போடணும், அடி. இனிமே பணத்த நேரா பேங்க் கணக்குக்கு அனுப்பவும், பில் நம்பரும் குறிக்கவும். கடைசியில ஒரு வரி. கோவிந்தப்பன் வந்தாலும் கையில காசு தரவேண்டாம்."

தம்பியின் கட்டைவிரல் பட்டனில் நின்றுவிட்டது. "அண்ணா..."

"அடிடா."

அடித்தான். வெகுநேரம் ஆயிற்று.

"இப்பப் படிச்சுக் காட்டு," என்றார் திம்மராயன். "எனக்குத்தான் படிக்க வராதே. கடைசி வரிய விட்டுடாம படி."