அவர் மேல் வந்தது சாமி இல்லை

என் புருஷனுக்குக் கள் பழக்கம் உண்டு. இதை மூடி மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? மலாயாவில், செமோருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கித்தாத் தோட்டத்தில், ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கள்ளுக்கடைப் பக்கம் போகாத ஆண்பிள்ளையை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் போவார், குடிப்பார், வாயைத் துடைத்துக்கொண்டு வருவார், சோறு கேட்பார், படுப்பார். அடி உதை, ஆட்டம் பாட்டம் எதுவும் கிடையாது. கஞ்சாவும் அவர் அறியாததல்ல. என்னைக் கட்டுவதற்கு முன்னால் கோப்பெங்கில் ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை செய்தபோது இழுத்திருக்கிறாராம். இழுத்தால் பேசாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம், பிறகு பசிக்குமாம். அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் ஒரே வேளையில் அவர் தொட்டதில்லை. தொட்டது அந்த வருஷத்து முனியாண்டி பூசையில்தான்.

கித்தா விலை விழுந்துபோய் துரைமார் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. யாரை வைத்துக்கொள்வது, யாரை ஊருக்குக் கப்பலேற்றுவது என்பதெல்லாம் எங்கள் கங்காணி துரையின் காதில் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்திருந்தது. அந்தக் கங்காணிதான் முனியாண்டிக்குப் பூசாரியும். அவரை எதிர்த்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் வாயாடி என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேர் வாங்கியவள். நானே அந்த மாதங்களில் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிடா வெட்டுவது என் புருஷன் வேலை. ஒரே வெட்டில் தலை விழ வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்துக்கு ஆகாது என்பார்கள். வெட்டுகிறவர் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீரோடு விரதம் இருக்க வேண்டும். படையல் போட்டதும் சாமிக்கு வைத்த கள்ளில் முதல் பங்கு அவருக்கு. அதைக் குடித்துவிட்டுத்தான் அரிவாளைத் தொடுவார். ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான் இது, ஒரு குறையும் வந்ததில்லை.

அந்த வருஷம் புதிதாக ஒன்று சேர்ந்தது. ஈப்போவிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரர் ஒருவர், முனியாண்டிக்கு வேண்டுதல் என்று சொல்லி ஒரு பொட்டலம் கஞ்சா கொண்டுவந்து கொடுத்தார். கங்காணிக்கு வாயெல்லாம் பல். "சாமிக்குப் பிடிச்ச சாமான்ல இது! ஊர்ல இதில்லாம பூசை உண்டா?" என்று சுருட்டுக்குப் பக்கத்தில் புகை இழுக்கும் சிலும்பியையும் வைத்தார்.

உச்சி வெயில். பெண்கள் நாங்கள் முனியாண்டி கல்லுக்குக் கிட்டப் போகக்கூடாது. பால்மரங்களுக்கு நடுவே சாம்பலால் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதற்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். நான் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கங்காணி கொட்டாங்கச்சியில் கள்ளை ஊற்றிக் கொடுத்தார். என் புருஷன் குடித்தார். இன்னொன்று கொடுத்தார். வெறும் வயிறு, வெயில் வேறு. அதன் பிறகு சிலும்பி வந்தது. பழைய பழக்கம்தானே என்று அவரும் நன்றாக இழுத்தார், நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்து விட்டார்.

அரிவாளைத் தூக்கும்போதே எனக்கு உறுத்தியது. அவர் கால் வைத்த இடத்தில் கால் நிற்கவில்லை. ஓங்கினார், வெட்டினார். அரிவாள் கிடாவின் கழுத்தில் விழவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவரின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் பாய்ந்தது. அந்த ஆள் அலறிக்கொண்டு கயிற்றை விட்டார். கிடா மரங்களுக்குள் ஓடிவிட்டது.

பிறகு என் புருஷன் நடுங்க ஆரம்பித்தார். கை நடுங்கியது, தாடை நடுங்கியது, கண் எங்கேயோ சுழன்றது.

"சாமி வந்துருச்சு!" என்று கங்காணி கத்தினார். "வெட்டு தப்பல! சாமிக்குக் கிடா போதல, அதான் விரட்டி விட்டுருக்கு!"

உடனே உறுமி அதிர்ந்தது. இரண்டு பேர் அவர் கையிலிருந்து அரிவாளை வாங்கிக்கொண்டார்கள், அந்த மட்டில் புண்ணியம். கங்காணி அவர் முன்னால் நின்று, "என்ன வேணும் சாமி? கேளு, குடுக்கிறோம்!" என்று கொட்டாங்கச்சியை வாயில் வைத்துச் சாய்த்தார். பாதி உள்ளே, பாதி தாடியில். உடனே சிலும்பி. அவர் தலையைத் திருப்பினார். இன்னொருவர் தலையைப் பிடித்து நேராக்கினார். அவர் நடுக்கம் கூடக்கூட இவர்கள் கொடுப்பதும் கூடியது. சாமி கேட்கிறதாம்!

அவர் மண்டி போட்டார். இரண்டு கையையும் கூப்பினார். வாய் அசைந்தது. உறுமிச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அங்கே நின்ற அத்தனை ஆண்களும் கை கூப்பி அவர் முன்னால் குனிந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பெண்களும் கும்பிட்டார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் மட்டும் கும்பிடவில்லை. சாமி வந்து நான் பார்த்ததில்லையா? சாமி வந்தவர் முகம் சிவக்கும், குரல் உயரும். என் புருஷன் முகம் பால் தோய்ந்த துணி மாதிரி வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை வழிந்தது. அவர் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது. அது என்னைத்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

கோட்டைத் தாண்டினேன். பின்னால் அக்கா, "அடியே, வேணாண்டி! தீட்டுடி!" என்று முந்தானையைப் பிடித்தாள். முந்தானை கிழிந்தது, போகட்டும்.

"ஏய், பொம்பள! வெளிய போ!" கங்காணி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "நாளைக்கு உன் குடும்பமே தோட்டத்துல இருக்காது, பாத்துக்க!"

"எம் புருஷன் இருந்தாத்தானே குடும்பம்! அந்தக் கொட்டாங்கச்சியக் கீழ போடுங்க!" என்று கத்தி அதைத் தட்டிவிட்டேன். கள் கங்காணியின் வேட்டியில் சிந்தியது. என் புருஷன் நெஞ்சில் கை வைத்தேன். உள்ளே இதயம் கிடந்து அடித்துக்கொண்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "செத்துருவேன் புள்ள. பயமா இருக்கு."

அதோடு வாந்தி. சாதாரண வாந்தி இல்லை. குடலே வெளியே வந்துவிடும் போல, ஒன்று நிற்பதற்குள் இன்னொன்று. பிறகு அப்படியே மல்லாந்து சாய்ந்துவிட்டார். கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

"சாமி மலையேறிருச்சு. புளித்தண்ணி ஊத்துங்க, தெளியும்," என்றார் கங்காணி. அதற்குள் ஒருவர் செம்போடு வந்து என் புருஷன் வாயைப் பிளந்தார். அப்போதுதான் அவர் தொண்டையில் அந்தச் சத்தம் கேட்டது. களகளவென்று, மூச்சு உள்ளே போகாமல். உதடு கறுத்தது. பால் கக்கும் பிள்ளையைத் திருப்புகிற மாதிரி அவரை ஒருபக்கமாகப் புரட்டினேன். வாய் வழியாக எல்லாம் வழிந்தது. விரலை விட்டு மிச்சத்தை வழித்தேன். ஒரு இருமல், அதன் பிறகு மூச்சு.

"அக்கா! டிரெஸ்ஸரைக் கூட்டிட்டு வாங்க! ஓடுங்க!" தீட்டு என்று சொன்ன அதே அக்காதான் ஓடினாள். நான் செம்புக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேச மாட்டார், பேசினால் அதட்டுவது போல் இருக்கும். சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார். முதலில் உறுமியை நிறுத்தச் சொன்னார். நாடி பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், சிலும்பியை எடுத்து முகர்ந்தார்.

"கள்ளு குடிச்சு, அதுக்கு மேலை இதையும் இழுத்தவரோ? சாப்பிட்டவரோ?"

"நேத்துலேருந்து விரதம் ஐயா."

"அதுதான். கள்ளு உள்ளுக்கு இருக்கேக்கை கஞ்சா ரத்தத்திலை கூட ஏறும். தனித்தனியாத் தாங்கிற ஆளும் ரெண்டும் சேர்ந்தால் விழுவான். தலை சுத்தும், சத்தி வரும், நெஞ்சு படபடக்கும், சாகப்போறன் எண்டு பயம் பிடிக்கும். அந்தப் பயத்தாலை சாக மாட்டான். ஆனால் மயக்கத்திலை மல்லாக்கக் கிடந்து சத்தி எடுத்தால் சாவான்." பிறகு எல்லாரையும் பார்த்து, "ஒருத்தரும் ஒண்டும் பருக்க வேண்டாம். மோரும் வேண்டாம், புளியும் வேண்டாம். இப்பிடியே சரிஞ்சு கிடக்கட்டும். தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ," என்றார்.

கங்காணி முணுமுணுத்தார்: "சாமி காரியத்துல மருந்துக்காரனுக்கு என்ன வேலை?"

"மூச்சு நிண்டால் துரைக்கு எழுதிக் குடுக்கிறது நான்தான்," என்றார் டிரெஸ்ஸர். கங்காணி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அந்த மத்தியானம் எப்படிக் கழிந்தது என்று கேட்காதீர்கள். என் புருஷன் முதுகுக்குப் பின்னால் என் முழங்காலை முட்டுக் கொடுத்து, புரண்டுவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். வரும். கொஞ்சம் தாமதித்தால் என் மூச்சு நின்றுவிடும். இன்னும் இரண்டு முறை வாந்தி எடுத்தார், ஆனால் சரிந்து கிடந்ததால் வெளியே போயிற்று. விழித்தபோதெல்லாம் கண்ணில் அந்தப் பயம் திரும்பி வரும். "ஒண்ணும் இல்ல, கள்ளும் கஞ்சாவும்தான், இறங்கிரும், நான் இங்கதான் இருக்கேன்," என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். டிரெஸ்ஸர் ஒரு பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டே இருந்தார். மரநிழல் நீண்ட பிறகுதான் என் புருஷன் உடம்பில் சூடு ஏறியது, என் பேரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். அப்போதுதான் நான் அழுதேன். அதுவரை அழக்கூட நேரமில்லை.

எங்களைத் தோட்டத்திலிருந்து விரட்டவில்லை. டிரெஸ்ஸர் துரையிடம் என்ன சொன்னாரோ, தெரியாது. மறுவருஷம் பூசைக்குக் கங்காணியே வந்து, "வெட்டுக்கு நீதான் வரணும்" என்றார். இவர் முடியாது என்று சொல்லிவிட்டார். "சாமி இறங்கின உடம்புய்யா உன்னுது!" என்று கங்காணி மன்றாடிப் பார்த்தார். இவர் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அதுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"மண்டி போட்டேன்ல, அப்ப எனக்கு எல்லாம் தெரிஞ்சுது புள்ள," என்றார். "உயிர் போகுதுன்னு நெனச்சேன். 'என்னைக் காப்பாத்துங்க'ன்னு சொல்லி, ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்து அவங்களைக் கும்பிட்டேன். அவங்க திருப்பி என்னைக் கும்பிட்டாங்க."