மணி அடிக்காத வரிகள்

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஹேமாவதி டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திய காலத்தில், படியேறும் முன்பே மணிச் சத்தம் கேட்கும். தாளின் வலது ஓரம் நெருங்கியதும் மிஷின் ‘டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். கையிலிருக்கிற வார்த்தையை முடித்துவிட்டு தாள் சுற்றிய வண்டியைத் தள்ளிவிட்டால் அடுத்த வரி. வார்த்தை நீளமாக இருந்தால் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு உடைத்துக்கொள்ளலாம். பத்தி தொடங்க ஐந்து இடம் விட வேண்டும். தலைப்பு நடுவில் வர எழுத்தை எண்ணி இடம் விட வேண்டும். இதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தாலுகாவில் ஆள் இல்லை என்பார்கள். அவளும் மறுத்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மிஷின்கள் பழைய இரும்புக்குப் போயின, கம்ப்யூட்டர் வந்தது. கல்யாணப் பத்திரிகை, காவடி நோட்டீஸ், மனுக்கள் என்று வேலைக்குக் குறைவில்லை. மிஷின் போனாலும் மணி மட்டும் அவள் விரலுக்குள்ளேயே தங்கிவிட்டது. திரையில் வரி முடியப்போகிறது என்றால் சுண்டுவிரல் தானாகப் போய் என்டரைத் தட்டும். அச்சில் வரும்போது எல்லாம் அழகாகத்தான் இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவளுடைய அக்கா வரலட்சுமி ஆர்.கே.பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு கை ராட்டையில் தார் நூல் சுற்றும், மடியில் வாரப் பத்திரிகை விரிந்திருக்கும். தொடர்கதை என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். ஒரு கதை பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணின் நடுப்பார்வை மங்கத் தொடங்கியது. டாக்டர்கள் ஓரப்பார்வை நிற்கும், நடுவில் போனது போனதுதான் என்று கையை விரித்துவிட்டார்கள். கட்டைவிரல் அளவு எழுத்தென்றால் ஓரக்கண்ணால் பிடித்துவிடுவாள். அப்படி எந்தப் புத்தகம் அச்சாகிறது? படித்துக் காட்டுகிறேன் என்று யார் வந்தாலும் வேண்டாம் என்பாள்.

“காதால கேட்டா அது உங்க கதை. கண்ணால படிச்சாதான் என்னுது” என்பாள்.

2009-இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று பழைய நாவல்களை மின்நூலாக்கக் கிளம்பியது. ஹேமாவதிக்கு வந்த முதல் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததும் அவள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். அக்கா பாதியில் விட்ட அதே கதை. எந்தச் சாமி எந்தக் கணக்கில் இதைத் தன் மேஜைக்கு அனுப்பியது என்று முருகன் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

முழுப் புத்தகத்தையும் அடித்து, மின்நூலாக மாற்றும் மென்பொருளில் கொடுத்தாள். அவள் திரையில் அச்சுப் புத்தகம் போலவே நின்றது. அதைச் சின்ன லேப்டாப் ஒன்றில் ஏற்றிக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ் ஏறினாள். லேப்டாப்பை அக்கா மகன் அருள்முருகன் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தான். அக்காவின் எதிரில் வைத்து எழுத்தைப் பெரிதாக்கினாள். கட்டைவிரல் அளவுக்கு வந்தது. வரலட்சுமி திரையைக் கன்னத்தோரம் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, வாயசைத்துப் படிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு நின்றது.

“இன்னாடி ஹேமா இது? ரெண்டு வரி ரொம்பி வருது, அடுத்த வரில ஒத்த வார்த்த நின்னுகினு இருக்குது. மறுபடி ரெண்டு வரி, மறுபடி ஒத்த வார்த்த. பத்தி முடிஞ்சிச்சா இல்லியான்னே தெரியல. தேடித் தேடி எடத்த வுட்டுட்றேன்.” லேப்டாப்பை மெல்ல மூடினாள். “வுடு. எனுக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்.”

அந்த ‘வுடு’ ஹேமாவதியைக் கொன்றது. பஸ் முழுக்க லேப்டாப்பைத் திட்டிக்கொண்டே வந்தாள். மறுநாள் பதிப்பகத்திலிருந்து போன். அவர்களுடைய கையடக்க வாசிப்புக் கருவியிலும் வரிகள் கண்டபடி உடைகின்றன, திருத்திக் கொடுங்கள் என்றார்கள். இரண்டு கருவியும் சேர்ந்து பொய் சொல்லுமா?

கோப்பைத் திறந்து, கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். பத்தி முடிவில் மட்டும் இருக்க வேண்டிய குறி ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நின்றது. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் விரல் அடித்த மணியெல்லாம் அங்கே வரிசை கட்டி நின்றது. இங்கே வரியை உடை என்று அவளே கட்டளையிட்டிருக்கிறாள். திரை சின்னதானாலும் எழுத்து பெரிதானாலும் கருவி அந்தக் கட்டளையை மீற முடியாமல் அங்கங்கே உடைத்திருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் அவளுக்கு நினைவு வந்தது. அகலத் தெருவில் பத்துப் பேர் கைகோத்து வருவார்கள், படிக்கட்டில் இரண்டிரண்டாய் ஒடுங்குவார்கள், ஆனால் குடும்பம் பிரியாது. நடுநடுவே கயிறு கட்டினால் என்ன ஆகும்? அவள் கட்டியிருந்தாள்.

எல்லாக் குறியையும் ஒரே அடியாக நீக்கினால் பத்திகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நல்லவேளை, பத்திக்குப் பத்தி ஐந்து இடம் விட்ட பழக்கம் கைகொடுத்தது. என்டரும் ஐந்து இடமும் சேர்ந்து வரும் இடங்களில் எல்லாம் முதலில் ஒரு அடையாளக் குறியை வைத்தாள். மிச்சமிருந்த என்டரையெல்லாம் ஒற்றை இடைவெளியாக்கினாள். பிறகு அடையாளத்தை நீக்கி மறுபடி என்டராக்கினாள். இடம் விட்டு நடுவில் நிறுத்திய தலைப்புகளைப் பிரித்து, ‘இது தலைப்பு, நடுவில் வை, புதுப் பக்கத்தில் தொடங்கு’ என்று கோப்பின் ‘ஸ்டைல்’ அமைப்பிலேயே எழுதி வைத்தாள். எழுத்தின் அளவைப் படிப்பவர் கையில் விட்டாள். வரி ஓரத்தில் உடைத்த வார்த்தைகளின் கோடுகள் இப்போது வரிகளுக்கு நடுவே முள்ளாய்க் கிடந்தன. அவற்றை மட்டும் ஒவ்வொன்றாய்த் தேடிப் பிடுங்கினாள்.

திரும்ப மின்நூலாக மாற்றி, திரையில் அந்த ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து ஒடுக்கினாள். சொற்கள் தாமாகவே அடுத்த வரிக்கு இறங்கி உட்கார்ந்தன. அகட்டினாள், மேலே ஏறிக்கொண்டன. எழுத்தைப் பெரிதாக்கினாள், பக்கங்கள் பெருகின. ஒரு சொல்கூடத் தொலையவில்லை, ஒரு பத்திகூடக் கலையவில்லை. இந்த நாவலுக்கு இனிப் பக்கம் இத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. பார்ப்பவருக்குத் தகுந்த பக்கம். வாடிக்கையாளர் ஒருவர் கல்யாணப் பத்திரிகைக்குக் காத்திருந்ததையும் மறந்து, வாயைப் பிளந்துகொண்டு ஒடுக்குவதும் அகட்டுவதுமாகவே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆர்.கே.பேட்டை. பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடாத நாள். வரலட்சுமி வேண்டாவெறுப்பாகத்தான் லேப்டாப்பை வாங்கினாள். வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான். ஆனாலும் நடுவில் உடையாமல், தட்டாமல் இறங்கின. உதடு அசைந்தது. நிற்கவில்லை. அவளே விசையைத் தட்டிப் பக்கம் திருப்பினாள். அடுப்பில் சாம்பார் சுண்டியது. ஹேமாவதி போய் அணைத்துவிட்டு வந்தாள், அக்கா நிமிரவே இல்லை.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான் போயின. கடைசி அத்தியாயம் வந்த அன்று வரலட்சுமி திரையிலிருந்து முகத்தை எடுத்தாள். ஓரக்கண்ணில் தண்ணீர்.

“ஏன்டி, முடிவு தெரிஞ்சிகினே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியா நீ?”

ஹேமாவதி விழித்தாள். டைப் அடிப்பவர்கள் படிப்பதில்லை. எழுத்து கண்ணில் ஏறி விரலில் இறங்கிவிடும், மனசுப் பக்கம் போகாது. கோடு பிடுங்கியபோதும் கோட்டைத்தான் பார்த்தாள். முழு நாவலையும் இருமுறை கடந்து வந்தவளுக்கு, கதாநாயகி பிழைத்தாளா செத்தாளா என்பதுகூடத் தெரியாது.

“தெரியாதுக்கா” என்றாள்.

வரலட்சுமி நம்ப முடியாமல் சிரித்தாள். “அப்ப இப்படி உக்காரு.” மொத்தப் புத்தகத்தையும் முதலுக்குத் திருப்பினாள். தலையைச் சாய்த்து, சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

ஹேமாவதி பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி கேட்டாள். ஒவ்வொரு வரி முடியும்போதும் அவளுடைய சுண்டுவிரல் லேசாகத் துடித்தது. அக்காவின் குரல் எந்த வரியிலும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.