நடுவில் ஒரு குழி

காபிக்கடையில் மதிய ஷிப்டுக்கு வருகிறவள் முதலில் பார்ப்பது, காலை ஷிப்ட்காரர் கழுவாமல் போட்டுவிட்டுப் போகும், வடிதாள் போட்ட காபிக் கூம்பைத்தான். இடையில் ஒரு மணி நேரம் கடை பூட்டியிருக்கும் என்பதால், இரண்டு வருடத்தில் அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. கூம்பிலிருக்கும் ஈரத்தூளின் நடுவில் எப்போதும் ஒரு குழி.

வெந்நீரை நடுவிலேயே கொட்டுகிற சோம்பேறி என்று பல்லைக் கடிப்பாள். நடுத்தூள் கசந்துவிடும், ஓரத்தூளின் சாரம் இறங்காமல் காபி புளிக்கும்.

'வட்டமா ஊத்துங்க, தாள்மேல படவேணாம். கடைசியில கூம்பை மெல்லச் சுழட்டுங்க, தூள் சமமாப் படியும்' என்று சீட்டு எழுதி ஒட்டுவாள். மறுநாள் சீட்டு இருக்காது, குழி இருக்கும். வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு அந்தச் சண்டைதான் துணை.

இன்று தூள் தட்டையாகப் படிந்திருந்தது.

"ஒருவழியா சொன்ன பேச்சைக் கேட்டுட்டாரு!" என்று முதலாளியிடம் சிரித்தாள்.

"அவரு நேத்தோட நின்னுட்டாரும்மா. இது புதுப் பொண்ணு போட்டது."

கடை காலியானதும் தனக்கொரு காபி போட்டாள். வெந்நீரை நடுவிலேயே ஊற்றினாள், சுழற்றவில்லை. குழி விழுந்தது. புளிப்பும் கசப்புமான அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.