ப்ளூம் போட்ட சிக்னல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நிறம் சரியில்லாத எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு லேபிள் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. கிளியின் மூக்குச் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து அச்சாகி வந்தாலும் அச்சகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பேன். வீட்டில் எனக்குக் கலர் பிசாசு என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பிசாசு என் அண்ணனுடைய ரயிலில் ஏறியது.

அண்ணன் அப்போது ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கான பரீட்சைகளை எல்லாம் தாண்டி நின்றான். பாக்கி இருந்தது மெடிக்கல் ஒன்றுதான், அதற்கு இன்னும் ஒன்பது நாள். அந்த நாட்களில் அவன் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வாசல் வரை போவான், திரும்பி வருவான், ஃபோனை எடுப்பான், வைப்பான். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும். அவனைக் கொஞ்சமாவது உட்கார வைத்தது என் கம்ப்யூட்டரில் இருந்த ரயில் ஓட்டும் கேம்தான்.

அதை அவன் விளையாட்டாக விளையாடவில்லை. நிஜ டிரைவர்கள் சிக்னலைப் பார்த்ததும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். அதனால் அவனும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பச்ச", "மஞ்ச" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவான். அடுத்த சிக்னல் என்ன என்று திரையின் ஓரத்தில் காட்டும் உதவியைக்கூட அணைத்து வைத்திருந்தான். நிஜ இன்ஜினில் அது இருக்காது என்றான்.

எனக்கோ அந்தக் கேமின் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. புல் பிளாஸ்டிக் குடம் மாதிரி பச்சை, வானம் வெளுத்துப்போன வேட்டி. இந்த மாதிரிக் கேம்களுக்கு மேலே ஒரு பூச்சு பூசலாம் என்று எனக்குத் தெரியும். கேம் ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடித்த பிறகு, அது திரைக்கு வருவதற்கு முன்னால், ஷேடர் என்கிற சின்ன நிரல்கள் அதைத் தொட்டுத் திருத்தும். எந்தெந்த ஷேடர், எவ்வளவு என்று யாராவது ரசித்துச் செய்து வைத்த கணக்குக்குப் பெயர் ப்ரீசெட்.

"அண்ணே, ஒனக்கு இத அழகாக்கித் தாரேன்" என்றேன்.

"இழுக்காம இருந்தாச் சரி. படம் நின்னு நின்னு போச்சுன்னா பிரேக்க எங்கன போடன்னே தெரியாது பாத்துக்கோ."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன், நீ பேசாம இரி."

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. ஷேடர் போடும் மென்பொருளை இறக்கி, அதற்குக் கேமின் முதன்மைக் கோப்பைக் காட்டினேன். திரையில் படம் வரைய அந்தக் கேம் எந்த வகை டைரக்ட்எக்ஸைப் பயன்படுத்துகிறது என்று தேர்ந்தெடுத்தேன். ஷேடர் மூட்டைகளை இறக்கி, ப்ரீசெட் கோப்பைக் கேம் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டேன். கேமைத் திறந்ததும் மேலே ஷேடர்கள் ஒவ்வொன்றாகத் தயாராகிற வரி ஓடியது. ஹோம் கீயை அமுக்கினால் ஷேடர்களின் பட்டியல் விரிந்தது. ப்ரீசெட்டில் இருந்ததற்கெல்லாம் டிக் வைத்தேன்.

அடடா என்றிருந்தது. தண்டவாளம் வெயிலில் மின்னியது. கரிசல் கரிசலாகவே தெரிந்தது. சிக்னல் விளக்குகளைச் சுற்றி மெல்லிய ஒளி கசிந்து நின்றது. அந்தக் கசிவுக்கு ப்ளூம் என்று பெயர். வெளிச்சமான இடத்தை எடுத்து, சுற்றிலும் பரப்பிவிடும். நான் கைதட்டாத குறை.

ஆனால் விநாடிக்கு எத்தனை படம் என்கிற ஃப்ரேம் எண்ணிக்கை ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தொன்பதுக்கு விழுந்திருந்தது. ரயில் நொண்டியது. அண்ணன் ஓட்டிப் பார்த்தான். ஒரு ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னல் வந்தது. "மஞ்ச" என்றான். அது சிவப்பு. தாண்டிப் போய்விட்டான். திரை இருண்டு, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது.

"பாத்தியா, இழுக்குது" என்றான்.

"சரி சரி, கொறைக்கேன். அதுக்குள்ள என்ன."

எனக்குள் ஒரு பரபரப்பு. அவனைச் சந்தோஷப்படுத்தப் போய்ச் சிரமப்படுத்துகிறோமே என்று. அந்தப் பட்டியலிலேயே ஒவ்வொரு ஷேடரும் ஒரு படத்துக்கு எத்தனை மில்லி விநாடி தின்கிறது என்று காட்டும் பக்கம் இருக்கிறது. அங்கே போனேன். மூலை முடுக்குகளில் நிழல் சேர்க்கிற ஷேடர் எட்டு தின்றது. தூரத்தை மங்கலாக்குகிற ஷேடர் நாலு. ப்ளூம் இரண்டு. நிறத்தைத் திருத்துவது, கூர்மையாக்குவது எல்லாம் சேர்ந்து ஒன்றுதான். தின்னிகள் இரண்டையும் எடுத்து வெளியே போட்டேன். டிக்குகளை மாற்ற முடியாதபடி பூட்டி, வேகத்தைக் கூட்டுகிற பெர்ஃபார்மன்ஸ் மோடையும் போட்டேன். ஃப்ரேம் நாற்பத்துநாலுக்கு ஏறியது. பாதிக் காசுக்கு முக்கால் அழகு கிடைத்தது என்று எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

"இப்ப ஓட்டு."

ரயில் வழுக்கிக்கொண்டு போனது. அதே ஸ்டேஷன், அதே சிக்னல். "மஞ்ச" என்றான், அதே நிதானத்தில். அது சிவப்பு. தாண்டினான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ண எங்கன வச்சிருக்க? இப்ப இழுக்கக்கூட இல்லியே."

"கூசுதுட்டி. வெளக்கு பரந்துபோய்த் தெரியுது."

எந்த டிக் அவன் கண்ணைக் கெடுக்கிறது என்று பார்க்க, அந்த மோடை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுத்தேன். கூர்மை போட்டேன், எடுத்தேன். வெதுவெதுப்பான சாயம் போட்டேன், எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும், "எப்படி இருக்கு?" "ம்." "இது?" "அதேதான்." எரிச்சலில் பட்டியலில் ப்ரீசெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றில் கை பட்டு டிக் விழுந்துவிட்டது. புல் நீலம் பாரித்தது. சிவப்பெல்லாம் கத்தரிப்பூவாக மாறியது. பார்க்கச் சகிக்கவில்லை. சீ என்று எடுக்கப் போனேன்.

"ஏட்டி, எடுக்காத." அண்ணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். "இது நல்லாருக்கு. இதையே வச்சிரு."

கேலி செய்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அந்த ஷேடரின் மேல் மவுஸை வைத்தேன். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக நிறங்களை மாற்றித் தருவது என்று விளக்கம் வந்தது.

எல்லா டிக்கையும் எடுத்தேன். சிவப்புச் சிக்னலுக்கு முன்னால் ரயிலை நிறுத்தச் சொன்னேன். ஒரு லேபிள் தாளை எடுத்து நடுவில் ஓட்டை போட்டு, எரிகிற விளக்கு மட்டும் தெரிகிற மாதிரி திரையில் வைத்துப் பிடித்தேன்.

"சொல்லு."

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "தாள எடு" என்றான்.

"தாளோட சொல்லு அண்ணே."

"மஞ்சளா?"

தாளை எடுத்தேன். "செவப்பு" என்றான் உடனே. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கீழ எரிஞ்சா செவப்பு. கம்பத்துல எந்த எடம்னு பாத்துத்தான் சொல்லுவேன். நீ போட்ட அந்த ஒளியில எடம் தெரியல" என்றான்.

ப்ளூம் விளக்கை ஊதிப் பெரிதாக்கி, கம்பத்தில் எந்த இடம் என்பதையே அழித்துவிட்டிருக்கிறது. நான் அழகு என்று வைத்தது அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பை முறித்துவிட்டது.

"எப்ப இருந்து தெரியும் ஒனக்கு?"

"சின்னதுல மொளகாப்பழம் பெறக்கப் போனதுல இருந்து."

எனக்கு அந்த நிமிஷம் அழுகை வந்துவிட்டது. எட்டயபுரம் ரோட்டில் எங்கள் நிலத்தில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போகும்போது, அவன் கூடையில் பாதி பச்சைக் காயாக இருக்கும். அப்பா திட்டாத நாள் இல்லை. சோம்பேறி, வேலையில் கண் இல்லை என்பார். "அவனுக்குக் கண்ணு இருந்தாத்தான" என்று கூடச் சேர்ந்து சிரித்தவள் நான். பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை அவன். சோம்பேறி என்ற பெயரே மேல் என்று இருந்திருக்கிறான். நிறத்தில் ஒரு புள்ளி மாறினால் ஊரைக் கூட்டுகிற நான், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் கண்ணில் சிவப்பே இல்லை என்பதை இத்தனை வருஷம் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அவன் திரையைக் காட்டினான். "அந்த டிக்க அங்கன போட ஏலாதுல்ல."

"எங்கன?"

"இன்ஜின் கண்ணாடியில."

அன்று சாயந்தரம் அவனே வந்தான். நிறம் தெரிகிறதா என்று பார்க்க மெடிக்கலில் காட்டும் புள்ளி வட்டப் படங்கள் இணையத்தில் கிடைக்குமாம். அதில் ஒளிந்திருக்கும் எண்களைப் புள்ளிகளின் அமைப்பை வைத்தே மனப்பாடம் செய்துவிடலாமாம். "நல்ல கலர்ல பிரிண்ட் எடுத்துக் குடு. ஒனக்குத்தான் கலர் சரியா வரும்" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். மறைக்க ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்த உயர்ந்த தாளில், புள்ளி பிசகாமல் எடுத்துக் கொடுத்தேன். அவனுடைய ஆறு வருஷப் படிப்பு அதில் இருந்தது. பின்னால் எண்ணை எழுதி, கேட்டு ஒப்பித்தது நான்தான். நாலே நாளில் புரட்டிப் புரட்டி எதைக் காட்டினாலும் சொன்னான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒருபக்கம் சந்தோஷம், ஒருபக்கம் பயம்.

மெடிக்கலுக்கு முந்தின நாள் காலையில் என்னை எழுப்பினான். "நீ மொதல்ல வச்சியே, ப்ளூம். அத மட்டும் போடு" என்றான். "எதுக்கு?" "பனி பெஞ்சா வெளக்கு அப்படித்தான பரந்து தெரியும்."

போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றேன். ஃப்ரேம் நாற்பத்தேழில் அசையாமல் நின்றது. படத்தைக் குறை சொல்ல இனி வழியில்லை. முதல் இரண்டு சிக்னலிலும் தப்பித்தான். மூன்றாவதில் "மஞ்ச" என்று சொல்லி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, சிவப்பைத் தாண்டிப் போனான். எதிரே ஒரு பாசஞ்சர் ரயில் நின்றுகொண்டிருந்தது. அவன் பிரேக்கைத் தொடவில்லை. அது சிவப்பு என்று அவனுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. திரை இருண்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுநாள் மெடிக்கலுக்குப் போய்விட்டுச் சாயந்தரம் ரயிலில் திரும்பினான். நான் ஸ்டேஷனுக்கே போயிருந்தேன். என் ஸ்கூட்டரில் அவன் ஏறி உட்கார்ந்ததும், கிளப்பும் வரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"புள்ளிப் படம் காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. அதே படந்தான். மொத மூணையும் சொல்லிட்டேன்."

"அப்பறம்?"

"நாலாவதும் தெரியும். எழுவத்திநாலு." அவன் பையை மடியில் வைத்துக்கொண்டான். "தெரியலைன்னு சொல்லிட்டேன். மொத மூணும் மனப்பாடம்னும் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."