மூன்று ஜிபியைத் தின்றது யார்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் பெண் எடுத்த கம்ப்யூட்டர்காரனுக்குச் சில கடமைகள் உண்டு. டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் கூப்பிடுவார்கள். மோட்டார் ஓடவில்லை என்றாலும் கூப்பிடுவார்கள், அதிலும் ஒயர் இருக்கிறதல்லவா. அலுவலகத்தில் நான் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவன் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். என் மாமனார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போய் இறங்கியதும் சாப்பாட்டுக்கு முன்னால் பஞ்சாயத்துதான் கூடியது. அந்தத் தோட்டத்துக்குக் கேபிள் இணையம் இன்னும் வரவில்லை. அதனால் சிம் போட்ட ஒரு வைஃபை டப்பா வீட்டுக்கூடத்தில் இருந்தது. தினம் மூன்று ஜிபி. நடுராத்திரி கடந்ததும் புதிதாக மூன்று ஜிபி வரும், தீர்ந்தால் மறுநாள் வரை இணையம் நொண்டும். மாமனார், மாமியார், மைத்துனன், அவன் மனைவி என்று நான்கு பேரின் போன்களும் அதில்தான் ஓடின.

"ஏனுங்க மாப்ளை, பெரிய பிளானா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. இந்த மூணு ஜிபி பத்த மாட்டேங்குது" என்றார் மாமனார். "காத்தால நான் பல்லு வெளக்கறதுக்குள்ளயே தீந்துருதுங்க. பொழுதோட ஒக்காந்து ஒரு விவாதம் பாக்க முடியல. தலைவர் வாயத் தொறக்கறாரு, அப்பிடியே நிக்கறாரு. வட்டம் சுத்துது."

தலைவர் வாயைத் திறந்தபடியே நிற்பதில் நாட்டுக்கு என்ன நஷ்டம் என்று கேட்க நினைத்தேன். மாப்பிள்ளைக்கு அது அழகல்ல என்பதால் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன்.

"எப்ப இருந்துங்க மாமா?"

"ரெண்டு மாசமா இருக்கும்."

"காத்தாலயே தீருதுன்னா ராத்திரில யாரோ பாக்கறாங்கன்னு அர்த்தம்" என்றான் மைத்துனன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வீட்டில் ராத்திரி விழித்திருக்கும் ஒரே ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் மனைவி தரையைப் பார்த்தாள்.

அவள் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவள். பகலெல்லாம் வீட்டு வேலை, மாட்டு வேலை. எல்லோரும் படுத்த பிறகுதான் ஊசியை எடுப்பாள். செய்ததை ஒரு நிமிட வீடியோவாக்கி ஏற்றுவாள். அதைப் பார்த்துத்தான் கோபியில் இருந்தும் பொள்ளாச்சியில் இருந்தும் ஆர்டர் வரும். வீட்டில் இதற்குப் பெயர் 'போன நோண்டிக்கிட்டு இருக்கா'. மாமனார் தினம் இரண்டு மணி நேரம் விவாதம் பார்ப்பதற்குப் பெயர் நாட்டு நடப்பு.

விஷயம் வெறும் டேட்டாவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கு முந்தின வாரம் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் ஒற்றை யானை ஒன்று மலைப் பக்கமிருந்து இறங்கி, வாழையில் புகுந்து, வேண்டிய மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. இந்த மாதிரி விருந்தாளிகளுக்காகவே மைத்துனன் காந்திபுரத்துக் கடையில் கேமரா வாங்கி மோட்டார் ரூம் சுவரில் மாட்டியிருந்தான். யானை வந்தால் போனில் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. நெட் இல்லை.

"நெட்டு இருந்திருந்தா கேமரா கூப்பிட்டிருக்கும். பட்டாசு போட்டு முடுக்கியிருக்கலாம்" என்றான் மைத்துனன். ஆக, ஆரி வேலை வீடியோ பார்த்து ஒருத்தி வாழைத் தோட்டத்தையே யானைக்கு எழுதிக்கொடுத்துவிட்டாள். வழக்கு அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

மாமியார் மட்டும், "மொதல்ல சாப்புடட்டும், அப்பறம் வெசாரிங்க" என்றார். யாரும் கேட்கவில்லை.

பெரிய பிளான் சொல்ல வேண்டும் என்றால் யார் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றேன். நீதிபதி நாற்காலி கிடைத்ததும் குரல் தானாகவே கனத்தது.

"அம்மணி, நீ ராத்திரில எவ்வளவு நேரம்மா பாக்கற?"

"ஒரு மணி நேரம் இருக்கும்ணா. புது டிசைன் பாப்பேன். கை வேல செய்யறப்ப ஓடிட்டிருக்கும்."

போனை வாங்கிப் பார்த்தேன். வீடியோவின் தரம் 480 என்று இருந்தது. தெளிவு கூடக் கூட டேட்டா எப்படி ஏறும் என்று சபைக்கு விளக்கினேன். 360-ல் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் நானூறு எம்பி போகும். 480 என்றால் அறுநூறு எம்பி பக்கம். 720-க்கு ஒன்றேகால், ஒன்றரை ஜிபி. 1080 என்றால் இரண்டரை, மூன்று ஜிபி. எல்லாம் உத்தேசம்தான், படத்தில் அசைவு அதிகம் என்றால் கூடும், ஒரே ஆள் உட்கார்ந்து பேசினால் குறையும்.

"அப்ப இவ அறுநூறு" என்றார் மாமனார், குறைவாக இருக்கிறதே என்ற வருத்தத்தோடு.

"ஏத்தறது தனிங்க. அதுக்கு ஃபைல் எவ்வளவு பெருசோ அவ்வளவு போகும்" என்றேன். அவள் ஏற்றியதைப் பார்த்தோம். ஒரு நிமிட வீடியோ எண்பது எம்பி. தினம் இரண்டு. நூற்று அறுபது.

அறுநூறும் நூற்று அறுபதும் எழுநூற்று அறுபது. முக்கால் ஜிபி. மூன்று ஜிபியை அவள் 480-லேயே தீர்க்க வேண்டும் என்றால் ஐந்து மணி நேரம் இமைக்காமல் பார்க்க வேண்டும். பன்னிரண்டுக்கு ஆரம்பித்து விடியும் வரை. தினமும். பிறகு எழுந்து பால் கறந்து, இட்லி ஊற்றி, மாமனாருக்கு வெந்நீர் போட வேண்டும்.

"மாமா, உங்க செட்டிங்க கொஞ்சம் பாக்கட்டுங்களா?"

மாமனாரின் போனில் 1080 இருந்தது. விவாதத்தில் கத்துகிறவரின் மீசை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தால்தான் வாதம் புரியும்போல. நெட் மட்டும் ஒழுங்காக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் ஐந்து ஜிபியைத் தாண்டியிருப்பார்.

"அது பையன் வெச்சுக் குடுத்ததுங்க" என்றார் உடனே.

"நீங்கதான தெளிவா வேணும்னு கேட்டீங்க" என்றான் மகன்.

சபையில் முதல் பிளவு. ஆனால் வழக்கு முடியவில்லை. அவர் பார்ப்பது சாயங்காலம். டேட்டா தீர்வது காலையில். காணாமல் போகும் மூன்று ஜிபிக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை என்பதை வெளியே காட்டாமல், "ஒரு சோதனை பண்ணலாங்க" என்றேன். அன்று காலையிலேயே மூன்று ஜிபி தீர்ந்திருந்ததால், கூடுதல் டேட்டா ஒன்று தனியாகப் போட வைத்தேன்.

நான்கு போன்களிலும் வைஃபையை அணைத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைக்கச் சொன்னேன். டிவி பிளக்கைப் பிடுங்கினேன். வைஃபை டப்பாவின் கணக்கைக் காட்டும் பக்கத்தை என் போனில் திறந்து, அதை நடுவில் வைத்தேன். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட இந்தக் குடும்பம் இவ்வளவு கவனமாக ஒரே இடத்தைப் பார்த்ததில்லை.

எண் ஏறியது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தோம். மறுபடி ஏறியது. யாரும் எதையும் தொடவில்லை. என் போன் அந்தப் பக்கத்தைக் காட்டுவதற்கு இணையம் தேவையில்லை, டப்பாவோடு பேசினால் போதும். ஆனாலும் எண் நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் எழுபத்தைந்து எம்பி போயிருந்தது.

மைத்துனன் மனைவி முதல்முறையாக நிமிர்ந்தாள். "இப்ப யாருங்ணா பாக்கறாங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

பத்து நிமிடத்துக்கு எழுபத்தைந்து என்றால் மணிக்கு நானூற்று ஐம்பது. ஒரு நாளைக்குப் பத்து ஜிபிக்கு மேல். நடுராத்திரி ஆரம்பித்தால் ஏழு மணிக்கு முன்பே மூன்று ஜிபி காலி. மாமனார் பல்லு விளக்கும் நேரம்.

"கேமரா எதுல இருக்குது?" என்றேன்.

"நம்ம வைஃபைலதான்" என்றான் மைத்துனன். "ஆனா அத யாருங்க பாக்கறோம்? யானை வந்தாத்தான பாப்போம். பாக்காத வீடியோவுக்கு டேட்டா எப்பிடிங்க போகும் மச்சான்?"

"நீ பாக்கலீன்னாலும் அது ஏத்திட்டே இருக்குது. இவ ஒரு நிமிசம் ஏத்தினாலே போகுதுன்னு சொன்னேன்ல? அது நாள் பூரா ஏத்துது."

அவன் போனில் கேமரா செட்டிங்கைத் திறந்தோம். 1080, அசைவில்லாத படம் என்பதால்தான் மணிக்கு நானூற்று ஐம்பதோடு நின்றிருந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் கம்பெனியின் சர்வருக்கு அனுப்புவது என்பதில் டிக். கடைக்காரர் எது வேண்டும் என்று கேட்டபோது, இருப்பதிலேயே நல்லதாகப் போடச் சொன்னது இவன்தான். ஆக, இரண்டு மாதமாக அந்தக் கேமரா ராத்திரி முழுக்க இருட்டில் அசையாமல் நின்ற வாழையை உயர்ந்த தரத்தில் படம் பிடித்து, முகம் தெரியாத யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. காலையில் களைத்து ஓய்ந்தது. சாயங்காலம் யானை வந்தபோது அதைச் சொல்ல அதனிடம் டேட்டா இல்லை.

மாமியார் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாற்றிய வேலை சின்னதுதான். முழுப் பதிவும் கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டிலேயே இருக்கட்டும், அசைவு தெரிந்தால் மட்டும் சின்னத் துண்டாக அனுப்பினால் போதும் என்று வைத்தோம். முதல் நாள் தென்னை ஓலை ஆடியதற்கெல்லாம் மணி அடித்தது. மைத்துனன் போனில் கூப்பிட்டுக் கேட்டான். வேலியோரத்தை மட்டும் கவனிக்கும்படி கட்டம் போடச் சொன்னேன். அதன் பிறகு அடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமனாரின் விவாதத்தையும் 480-க்கு இறக்கினேன். மீசை இன்னும் தெரிகிறது, முடி மட்டும் எண்ண முடியாது. அவருக்கு ஒன்றேகால், மருமகளுக்கு முக்கால், மாமியாரின் கோயில் சொற்பொழிவுக்குக் கால், மைத்துனன் போனுக்கும் கேமராத் துண்டுகளுக்கும் கொஞ்சம். இரண்டரை ஜிபிக்குள் அடங்கியது. பெரிய பிளான் எதுவும் வேண்டாம், இருப்பதே போதும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

மருமகளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. "கேமரா செஞ்ச சீனாக்காரனுக்கு வெவரம் பத்தல" என்று மாமனார் சீனாவைக் கண்டித்தார். மைத்துனன் சாப்பாட்டில் உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னான். அதுதான் அந்த வீட்டில் அதிகபட்ச மன்னிப்பு.

கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்தாள்.

"அண்ணா, எனக்குத் தனியா ஒரு பிளான் சொல்லுங்கண்ணா. என் போன்லயே போட்டுக்கறேன்."

"அதான் இதுலயே பத்துதேம்மா. கணக்குப் பாத்தமில்ல."

"பத்துதுங்கண்ணா. ஆனா யாரு எவ்வளவு பாத்தாங்கன்னு அடுத்தவாட்டி மறுபடியும் கணக்குப் பாப்பாங்கல்லங்ணா."

அவளுக்கு முக்கால்தான் ஆகும், ஆர்டர் கூடி நாலு வீடியோ ஏற்றினாலும் தினம் ஒன்றரை ஜிபி தாராளம் என்றேன். அங்கேயே நின்று, தன் ஆரி வேலைப் பணத்தில் போட்டுக்கொண்டாள்.

போன மாதம் போயிருந்தபோது மாமனார் கூடத்தில் விவாதம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்குப் பிடித்த இரண்டு பேர் மோதிக்கொண்டதால் நாலரை மணி நேரம் தாண்டியிருந்தது. தலைவர் வாயைத் திறந்தார், நின்றார். வட்டம் சுற்றியது.

"அம்மணி, உன்ற போன்ல இருந்து கொஞ்சம் நெட்டு குடு கண்ணு" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"எதுல பாக்கறீங்க மாமா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"480-லதான்."

"360-ல வெச்சுக்குங்க, தாரேன்."

அவர் மறுபேச்சு இல்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செட்டிங்கைத் தேடினார்.